தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள்: பெற்றோர் சீட்டில் எழுதிக் கேட்டவை

சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் மேசைமேல் ஒரு காலிச் சாக்பீஸ் பெட்டியை வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு பற்றி என்ன கேட்க வேண்டுமோ அதைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். பாடத்தைப் பற்றித்தான் நிறைய வரும் என்று நினைத்திருந்தேன். பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இரவைப் பற்றிய கேள்விகள். எத்தனை மணிக்குத் தூங்குவது, எத்தனை மணிக்கு எழுப்புவது, காபி கொடுக்கலாமா, தெருவில் ரேடியோ அலறுகிறதே என்ன செய்வது. ஆகவே இந்த மாதம் தலையங்கத்துக்குப் பதிலாக அந்தச் சீட்டுகளுக்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மார்ச் மாதத்தில் என் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு நான் கண்ட முதல் காரணம் தூக்கக் குறைவு. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

டீச்சர், என் மகன் இரவு ஒரு மணி வரை படிக்கிறான். காலையில் நாலரைக்கு எழுப்பிவிடுகிறேன். இது போதுமா, இன்னும் முன்னதாக எழுப்ப வேண்டுமா?

எழுப்பாதீர்கள். ஒரு மணியிலிருந்து நாலரை வரை மூன்றரை மணி நேரம்தான். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. உங்கள் மகன் அதில் பாதிகூடத் தூங்கவில்லை.

இரவுத் தூக்கம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக அது வந்து வந்து போகிறது. முதல் சில சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்கும் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். பகலில் படித்தது மனதில் இறுகிப் படிவது இந்தத் தூக்கத்தின்போதுதான், அதற்கு இரண்டு வகையும் வேண்டும். நாலரைக்கு எழுப்பும்போது கனவுத் தூக்கத்தின் பெரும் பங்கை வெட்டிவிடுகிறோம். முன்னிரவில் கஷ்டப்பட்டு எழுதிய பாடத்தை மை காய்வதற்குள் துடைத்தது போல ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட பிள்ளைக்கு முதல் அரை மணி நேரம் மூளை விழித்திருக்காது. புத்தகம் திறந்திருக்கும், கண்ணும் திறந்திருக்கும், ஆனால் ஒரு வரியும் உள்ளே போகாது. அந்த நேரத்தையும் ‘படித்த நேரம்’ என்று நாம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அருகில் போய், “இப்போது படித்த பக்கத்தில் என்ன இருந்தது?” என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும்.

நாங்களெல்லாம் விடியற்காலையில் எழுந்து படித்துத்தான் முன்னுக்கு வந்தோம். விடியலில் படித்தால் நிற்கும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா?

பொய்யில்லை. ஆனால் அந்தப் பெரியவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் தாத்தா வீட்டில், உசிலம்பட்டிப் பக்கம், இரவு எட்டரைக்குச் சிம்னி விளக்கை இறக்கிவிடுவார்கள். எட்டரைக்குப் படுத்தவர் நாலரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. நாம் விடியலை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எட்டரை மணி விளக்கை விட்டுவிட்டோம்.

பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் தானாகவே சற்றுப் பின்தங்கி ஓடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த அதே பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பத்தரை வரை தூக்கம் வராது. அது திமிரில்லை, வயது. உங்கள் பெண் ஒன்பதரைக்கே தூங்கி ஐந்தரைக்குத் தானாக எழுந்து படிக்கிறாளா? அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அலாரம் வைத்து, தண்ணீர் தெளித்து, மூன்றாவது முறை கத்தி எழுப்ப வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்த நேரம் அவளுக்கு உரியதில்லை.

ஒரு மணிக்குப் படுக்கிற பிள்ளையைத் திடீரென்று பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வருமா? புரண்டுகொண்டே கிடக்கிறான்.

வராது. ஒரே நாளில் மூன்று மணி நேரத்தை இழுத்தால் உடம்பு வராது, மெல்ல மெல்லத்தான் நகர்த்த வேண்டும். அதை விளக்கமாகச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு பையனின் மூன்று வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரைத் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே வீடு. ஒரே அறை, பக்கத்தில் சமையலறை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். அம்மா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாங்கிவந்து வீட்டில் கட்டிக் கொடுப்பவர்.

இரண்டாம் திருப்புதல் தேர்வில் கணக்குத் தாளில் எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்வியை அந்தப் பையன் பாதியில் விட்டிருந்தான். அச்சுகளை வரைந்து, அளவுத்திட்டமும் எழுதி, புள்ளிகளைக் குறிக்காமல் நிறுத்தியிருந்தான். தெரியாத கேள்வி இல்லை. பதினொன்றரை மணிக்கு அவன் மேசையில் தலை சாய்த்ததை நானே பார்த்தேன். அம்மாவை அழைத்து, ஒரு பழைய நோட்டில் ஏழு நாளுக்கு நேரத்தை மட்டும் குறிக்கச் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

நோட்டு வந்தது. இரவு 12.45க்குப் படுக்கை. காலை 4.15க்கு எழுப்புதல். பள்ளி விட்டு வந்ததும் 5 மணியிலிருந்து 6.30 வரை தூக்கம். 7 மணிக்கு டியூஷன், 8.30க்கு வீடு, 9.30க்குச் சாப்பாடு, பிறகு 12.45 வரை புத்தகம். மாலையில் தூங்கிய ஒன்றரை மணி நேரம்தான் இரவுத் தூக்கத்தைத் தின்றது. இரவுத் தூக்கம் போனதால் மறுநாள் மாலை மறுபடி தூக்கம். செக்கு மாடு போல இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாளில் இரண்டை மட்டும் மாற்றினோம். காலை 4.15 போய் 6 மணி வந்தது. மாலைத் தூக்கம் இருபது நிமிடம், அதுவும் ஐந்தரைக்குள், அலாரம் வைத்து. படுக்கும் நேரத்தை அன்று தொடவே இல்லை. எழும் நேரத்தைத்தான் முதலில் கட்டிப் போட வேண்டும். ஒருவரைத் தூங்கு என்று கட்டாயப்படுத்த முடியாது, எழுப்ப மட்டும்தான் முடியும். எழுந்ததும் பல் துலக்கிக்கொண்டே பத்து நிமிடம் வாசலில் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது.

நான்காம் நாளிலிருந்து படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு இருபது நிமிடம் என்று முன்னே நகர்த்தினோம். 12.45 போய் 12.25, பிறகு 12.05, பிறகு 11.45 என்று இறங்கி, ஏழாவது படியில் 10.25. அங்கே நிறுத்திக்கொண்டோம். ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு வரவில்லைதான். ஆனால் மூன்றரையில் இருந்த பிள்ளைக்கு அது வேறு உலகம்.

நடுவில் தடங்கலும் வந்தது. நேரத்தை முன்னே நகர்த்திய முதல் சில இரவுகளில் பையன் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பதறிவிட்டார். தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்து உட்காரட்டும், புத்தகம் வேண்டாம், போன் வேண்டாம், கை வேலை ஏதாவது செய்யட்டும் என்றேன். அவன் அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டினான். இரண்டு முழம் கட்டுவதற்குள் கண் சொருகிவிடும், பூவைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுக்கவைப்பேன் என்று அந்த அம்மா சிரித்தபடி சொன்னார்.

பெரிய தடங்கல் பதினொரு மணி வெளிச்சம். அப்பா வந்ததும் டியூப் லைட் எரியும், தட்டுச் சத்தம் கேட்கும், பையன் விழித்துக்கொள்வான். இதைச் சரிசெய்ய அவர்கள் கண்ட வழி எனக்குத் தோன்றியிருக்காது. அப்பாவின் சாப்பாட்டை மூடிச் சமையலறையிலேயே வைத்து, அங்கே ஒரு ஜீரோ வாட் பல்பு மாட்டினார்கள். பையன் தலை வைக்கும் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி, குறுக்கே அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். தனி அறை இல்லாத வீட்டில் தனி அறைக்கு இவ்வளவுதான் செலவு.

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு நாங்கள் எங்கே போவது?

எழும் நேரத்தை மட்டும் இன்றே ஆறு மணிக்கு மாற்றிவிடுங்கள், மாலைத் தூக்கத்தை இருபது நிமிடமாக வெட்டுங்கள், படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு இருபது நிமிடம் நகர்த்துங்கள். ஒரு மணி நேரமாவது மீளும்.

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கல். குழாய் ரேடியோ இரவு முழுக்கப் பாடுகிறது. பக்கத்தில் கல்யாண மண்டபம் வேறு. பிள்ளை எப்படித் தூங்குவான்?

தேர்வு நாள்களும் முளைப்பாரி நாள்களும் ஒன்றாக வருவது நம் பக்கத்துப் பிள்ளைகளின் தலையெழுத்து. சட்டப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. விழாவுக்காக அரசு சில நாள்களுக்குப் பன்னிரண்டு வரை விலக்கு அளிக்கலாம், அவ்வளவே. தேர்வு எழுதும் பிள்ளைகளின் அம்மாக்கள் நான்கு பேர் சேர்ந்து விழாக் கமிட்டியாரிடம் போய், “அண்ணே, பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடத் தெருப் பக்கத்துக் குழாயை மட்டும் கோயில் பக்கம் திருப்பிவிடுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். சாமி காரியத்தை நிறுத்தச் சொல்வதற்கும் குழாயைத் திருப்பச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்படியும் ஓரிரண்டு இரவு போய்விட்டால் போகட்டும். மறுநாள் ஒன்பது மணி வரை தூங்கவிடாதீர்கள். வழக்கம்போல் ஆறு அல்லது ஆறரைக்கு எழுப்பி, மதியம் இருபது நிமிடம் கொடுங்கள். ஓர் இரவு கெட்டதால் கட்டிய கடிகாரம் குலைவதில்லை, மறுநாள் காலையையும் கெடுத்தால்தான் குலைகிறது.

வெயில் காலம். அறைக்குள் அனல் அடிக்கிறது.

மார்ச்சிலேயே நம் ஊரில் பகல் வெயில் 36, 37 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. தளம் போட்ட வீட்டில் அந்தச் சூடு நள்ளிரவு வரை இறங்காது. மாலை ஆறுக்கு மொட்டை மாடியில் இரண்டு குடம் தண்ணீர் தெளியுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிள்ளை உடம்புக்குக் குளிக்கட்டும். கொசுவலை கட்டி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தூங்காமல் இருக்க இரவு ஒரு டம்ளர் காபி கலந்து கொடுக்கிறேன். தவறா?

நானும் அதைச் செய்தவள்தான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது இரவு பதினொரு மணிக்குப் பில்டர் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். காபியில் உள்ள காபீன் பாதியாகக் குறைய உடம்புக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். பதினொன்றுக்குக் குடித்த காபியில் பாதி விடியற்காலை நான்கு மணிக்கும் ரத்தத்தில் நிற்கும். தூங்கினாலும் அது மேலோட்டமான தூக்கம். அவள் காலையில் கை நடுங்குகிறது என்றாள். பயம் என்று நினைத்துத் திருநீறு பூசி அனுப்பினேன். பாதி நடுக்கம் என் காபி.

மாலை நான்கு மணியோடு காபி, டீ இரண்டையும் நிறுத்துங்கள். இரவில் பால் கொடுக்கலாம், மோர் கொடுக்கலாம்.

வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஹாலில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது என்று அழுகிறாள். கண் திருஷ்டியா?

சுற்றிப் போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மிளகாய்க்குப் பெரிய செலவில்லை. ஆனால் இரண்டு தனித்தனிக் காரியங்கள் இங்கே சேர்ந்து நடக்கின்றன.

ஒன்று, அவள் ‘தெரியும்’ என்று நினைத்தது உண்மையில் பழக்கம். ஒரே பக்கத்தை ஐந்து முறை படித்தால் அந்தப் பக்கம் பழகிப்போகும். அடுத்த வரி என்ன என்று கண்ணுக்குத் தெரியும், புத்தகம் இல்லாதபோது கைக்குத் தெரியாது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களைத் தாண்டிப் போனார்கள். உங்கள் பெண் உங்களிடம் ஒப்பிப்பது அந்த ஐந்து நிமிடத் தேர்வு. பொதுத்தேர்வு ஒரு வாரத் தேர்வு.

ஆகவே வீட்டில் மாற்ற வேண்டியது இதுதான். பாடத்தை ஒரு முறை படிக்கட்டும். புத்தகத்தை மூடி உங்கள் கையில் கொடுக்கட்டும். வெற்றுத் தாளில், நினைவில் நிற்பதை மட்டும் எழுதட்டும். பிறகு புத்தகத்தை வாங்கி, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் அவளே சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி வெற்றுத் தாள். சிவப்பு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்கு உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. “என்னிடம் கொடு, எழுதி முடித்தபின் தருகிறேன்” என்று மடியில் வைத்துக்கொண்டால் போதும். முதல் தாள் பாதிதான் நிரம்பும், பிள்ளை சோர்ந்துபோவாள். அப்போது “இவ்வளவுதானா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது காரியம் பயம். பயந்த உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு கலக்கும். இதனால் மட்டும் விடை மறப்பதில்லை. மனதில் ஒரு நேரத்தில் கொஞ்சத்தைத்தான் ஏந்த முடியும். ‘குறைந்துவிட்டால் அப்பா என்ன சொல்வார்’ என்ற நினைப்பு அந்தச் சின்ன இடத்தில் வந்து உட்கார்ந்தால் கணக்கின் அடுத்த படிக்கு இடம் இருக்காது. கொஞ்சம் பயம் நல்லதுதான், கைக்கு வேகம் தரும். இடத்தை அடைக்கும் அளவுக்கு வந்தால்தான் தொல்லை.

பயத்தைக் குறைக்க நான் கண்டவற்றில் பலித்தது பழக்கப்படுத்துவது. பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடங்கி 1.15 வரை மூன்று மணி நேரம். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்தை வீட்டில் வையுங்கள். நாற்காலி, மேசை, தேர்வுக்கு எடுத்துப் போகப்போகும் அதே பேனா, அதே ஜியோமெட்ரி பாக்ஸ், அதே தண்ணீர் பாட்டில். மேசை இல்லாதவர்கள் பள்ளிக்கு அழைத்து வரலாம், ஞாயிறு காலை நூலகத்தைத் திறந்து வைக்கிறோம்.

முழுத் தாள் வேண்டுமென்பதில்லை. கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2 என்று எழுத வேண்டும், மொத்தம் நூறு. 180 நிமிடத்தை நூறால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. எட்டு மதிப்பெண் கேள்விக்கு ஏறத்தாழ பதினான்கு நிமிடம். அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு வரைபடத்தையும் ஒரு வடிவியல் கேள்வியையும் அரை மணிக்குள் முடிக்கிறாளா என்று பாருங்கள். பூக் கட்டிய பையன் மூன்றாவது ஞாயிற்றில் வரைபடத்தைப் பதின்மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்தானாம்.

ஹாலில் அப்படி நெஞ்சு படபடத்தால் அந்த நிமிடத்தில் என்ன செய்வாள்?

பேனாவைக் கீழே வைத்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். ஆறு முறை செய்ய ஒரு நிமிடம் ஆகும். விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சின் வேகம் இறங்கும். ஆனால் இதை ஹாலில் முதல் முறையாகச் செய்தால் பலிக்காது. இரவு படுத்ததும் தினமும் செய்து பழகியிருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. தேர்வுக்கு முன் பத்து நிமிடம், தன் பயத்தை ஒளிக்காமல் தாளில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. எங்கள் பிள்ளைகள் சிலரிடம் செய்து பார்த்தோம். சிலருக்கு லேசானது, சிலருக்கு எழுத எழுதப் பயம் கூடியது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் முயன்று பார்த்து, ஒத்துவந்தால் மட்டும் தேர்வு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளை நீங்கள் படிக்கக்கூடாது.

போனைப் பிடுங்கி வைத்தால் சண்டை. கொடுத்தால் படிப்பதில்லை.

இரவு ஒன்பதரைக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் சாமி அலமாரிக்குக் கீழே ஒரே தட்டில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும். நீங்கள் போர்வைக்குள் வீடியோ பார்த்துக்கொண்டு பிள்ளையிடம் பிடுங்கினால் அது நடக்காது. முக்கியமாகத் தேர்வுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு “நாளை இதுதான் வரும்” என்று குரூப்பில் ஒரு கேள்விப் பட்டியல் சுற்றும். யார் தயாரித்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் தெரியாத ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு நன்றாகப் படித்த பிள்ளைகூட அந்த இரவைத் தொலைப்பாள்.

தேர்வு நாள் காலையில் என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

தினமும் கொடுப்பதை. இட்லி, இடியாப்பம் எதுவானாலும் எட்டு மணிக்குள். அன்றைக்கென்று பூரி, பொங்கல், பலகாரம் வேண்டாம், பதினொரு மணிக்குக் கண் சொக்கும். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வரட்டும். ஹால் டிக்கெட்டை முந்தின இரவே ஜியோமெட்ரி பாக்ஸோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளை வாங்கி எத்தனை வரும் என்று கூட்டிப் பார்ப்பது வழக்கம். சரிதானா?

வேண்டாம். பிள்ளை ஒன்றேமுக்காலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறாள். முடிந்துபோன தாளில் ஒரு மதிப்பெண்ணும் இனி ஏறாது. ஆனால் விட்ட ஐந்து மதிப்பெண்ணைக் கண்டுபிடித்த வீட்டில் அடுத்த தாளுக்கான அந்த மாலை போய்விடும். சாப்பாடு போடுங்கள், அரை மணி படுக்கட்டும், நான்கு மணிக்கு அடுத்த பாடத்தை எடுக்கட்டும். அவளே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். திண்டுக்கல் அத்தை போன் செய்து “எப்படி எழுதினாள்?” என்று கேட்டால் “எழுதிவிட்டு வந்தாள் அத்தை, தூங்குகிறாள்” என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். போனைப் பிள்ளையின் காதில் வைக்காதீர்கள்.

என் மகன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பயம்தானே, தேர்வு முடிந்தால் சரியாகிவிடுமா?

சாதாரணப் பயம் ஏறும், இறங்கும். கிரிக்கெட் பார்க்கும்போது மறையும், புத்தகத்தைத் திறந்தால் வரும். எப்போதும் இறங்காமல் இருப்பது வேறு. முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, களைத்திருந்தும் பல இரவுகள் தூங்க முடியாதது, காரணமில்லாமல் அழுவது, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு. இவற்றில் எதைக் கண்டாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டால் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்பது இந்திய அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நேரில் போக வேண்டுமென்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். பள்ளியில் வேறு யாருக்கும் தெரியவராது.

பிள்ளையிடம் ஓர் உண்மையையும் சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் 35க்குக் கீழே போனாலும் அந்த ஆண்டு போய்விடாது. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது, அதில் தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. மார்ச் மாதத்தை உலகத்தின் கடைசி மாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னவள் மூன்றாம் வகுப்பு. டிவி போடாவிட்டால் அழுகிறாள், போட்டால் பெரியவன் கத்துகிறான்.

சின்னவளுக்கும் ஒரு நேரம் வேண்டும். பெரியவன் டியூஷனில் இருக்கும் ஏழிலிருந்து எட்டரை வரை டிவி அவளுடையது. எட்டரைக்கு அணைக்கும் வேலையையும் அவளிடமே கொடுங்கள். அணைத்துவிட்டு அண்ணனின் வெற்றுத் தாள்களை எண்ணி அடுக்கி வைக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. எங்கள் தெருவில் ஒரு குட்டிப் பெண் இதை மிகவும் கண்டிப்பாகச் செய்கிறாள், தாளுக்கு எண் போட்டுத்தான் கொடுக்கிறாளாம்.